ஹாலப்பாவின் குரல்

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். கர்நாடகத்தின் நடுப்பகுதியில் மக்காச்சோளமும் மண்டக்கிப் பொரியும் மலிந்த ஒரு மாவட்டத் தலைநகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையனின் பெயரையும் சொல்ல மாட்டேன். அவனுடைய அம்மாவுக்கு நான் வைத்திருக்கும் கரிபசம்மா என்ற பெயரும் பொய். ஒரே ஒரு பெயர்தான் நிஜம், ஹாலப்பா. தன் பெயரை எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

ஹாலப்பா, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் எங்கள் இளைஞர் நீதிக் குழுமத்தின் டவாலி. அதற்கு முன் பல வருடம் செஷன்ஸ் கோர்ட்டில் இருந்தவர். வெள்ளைச் சட்டை, குறுக்கே சிவப்புப் பட்டை, நடுவில் பித்தளை வில்லை, ஐம்பது வயதைத் தாண்டியும் விறைப்பு குறையாத மீசை. அவர் வாசலில் நின்று ஒரு பெயரை மூன்று முறை கூப்பிட்டால், எதிரே டீக்கடையில் பஜ்ஜி தின்றுகொண்டிருக்கும் சாட்சி கையைத் துடைக்காமல் ஓடிவருவான். கொலைக் குற்றவாளிகளுக்கே முதுகு சிலிர்க்கும் என்று அவரே சொல்லிக்கொள்வார். அவருக்கு அதில் பெருமை உண்டு. இருக்கட்டும், மனிதனுக்கு ஏதாவது ஒன்றில் பெருமை வேண்டாமா?

அப்படிப்பட்டவரை எங்களிடம் மாற்றினார்கள். வந்த முதல் நாளே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். உயரமான மேடை இல்லை, கூண்டு இல்லை. ஒரு சாதாரண மேஜை. அதற்குப் பின்னால் மாஜிஸ்திரேட்டும், பக்கத்தில் சமூக சேவையிலிருந்து வந்த இரண்டு உறுப்பினர்களும். முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் பையன், அவனை ஒட்டி அவன் அம்மா. கூட்டி வரும் போலீஸ்காரருக்குச் சீருடை கூடாது, பையன் கையில் விலங்கு கூடாது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு இடமே கிடையாது.

"இது கோர்ட்டா மேடம், இல்ல பால்வாடியா?" என்று என்னிடம் கேட்டார். நான் அங்கே நன்னடத்தை அலுவலர். பையன்களின் வீட்டுக்குப் போய், பள்ளிக்கூடத்துக்குப் போய், என்ன ஏது என்று விசாரித்துக் குழுமத்துக்கு அறிக்கை எழுதுவது என் வேலை.

"பால்வாடின்னே வெச்சுக்கோங்க ஹாலப்பண்ணா. முதல்ல அந்தப் பட்டையைக் கழட்டுங்க. பசங்க பயப்படுறாங்க."

"பயப்படட்டும்! திருடினவன் பயப்படாம யாரு பயப்படுறது, நீங்களா?"

குழும உறுப்பினர் ஷரணம்மாவுக்கு நாக்கு கத்தி. "உங்க மீசையே போதும், பட்டை வேற எதுக்கு?" என்றார். முனகிக்கொண்டே பட்டையை மடித்து பீரோவில் வைத்தார் ஹாலப்பா. யாரையும் வெளியிலிருந்து கூப்பிடக் கூடாது, பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்லி அழைத்து வர வேண்டும் என்று அவருக்குச் சொல்லியிருந்தோம். தலையாட்டினார். எல்லாரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டத்தான் செய்கிறார்கள்.

கரிபசம்மாவின் பிள்ளைகள் அந்த மழைக்காலத்தில்தான் வந்தார்கள். மூத்தவனுக்கு இருபது, இளையவனுக்குப் பதினாறு. ஒரு விவசாயியின் போர்வெல் மோட்டாருக்குப் போகும் செப்புக் கம்பியை இரண்டு பேரும் அறுத்துப் பழைய இரும்புக் கடையில் போடப் போகும்போது பிடிபட்டார்கள். ஸ்டேஷனில் வயது கேட்டபோது இளையவன் பத்தொன்பது என்று சொல்லியிருக்கிறான். ஏன் தெரியுமா? அண்ணனைத் தனியாக அனுப்ப மனசில்லை. எங்கே கொண்டு போனாலும் கூடவே போய்விடலாம் என்று நினைத்திருக்கிறது அந்த அசட்டு ஜென்மம். போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டது. இரண்டு பேரையும் சேர்த்துப் பெரியவர்களின் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள்.

நல்லவேளை, அந்த மாஜிஸ்திரேட்டுக்குக் கண் இருந்தது. "பத்தொன்பதா? எந்த ஸ்கூல்ல படிச்சே?" என்று கேட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்துச் சான்றிதழை வரவழைத்துப் பார்த்தால் பதினாறு. உடனே அவனை எங்களிடம் அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து ஒரே திருட்டு இரண்டு வழக்கானது. பெரியவரையும் சிறுவரையும் ஒன்றாக விசாரிக்கச் சட்டம் விடாது. கரிபசம்மா இரண்டு வாசலுக்கும் ஓட வேண்டியதானது.

எங்கள் வாசலில் இளையவனுக்கு அன்றைக்கே ஜாமீன் கிடைத்தது. சிறுவர்களுக்கு ஜாமீன் கொடுப்பதுதான் வழக்கம். வெளியே விட்டால் கெட்ட சகவாசத்தில் விழுவான், இல்லை அவனுக்கே ஆபத்து, இல்லை நீதி கெட்டுவிடும் என்று தோன்றினால்தான் மறுக்கலாம். அம்மா எழுதிக் கொடுத்தாள், என் கண்காணிப்பில் விட்டார்கள். பெரியவர்களின் வாசலில் மூத்தவனுக்கும் ஜாமீன் கிடைத்தது, ஆனால் நிலம் உள்ள ஒருவர் ஜாமீனுக்கு நிற்க வேண்டும். மக்காச்சோள மண்டியில் மூட்டை தைக்கிற கரிபசம்மாவுக்காக எந்த நிலக்காரன் தன் நிலத்துப் பஹணிச் சீட்டைத் தூக்கிக்கொண்டு வருவான்? ஜாமீன் உத்தரவு காகிதத்தில் இருந்தது, பிள்ளை ஜெயிலில் இருந்தான்.

"ஒரே வயித்துல பொறந்தவங்க, ஒரே கம்பியத்தான் அறுத்தாங்க. ஒருத்தன் வீட்டுல ரொட்டி தின்னுறான், ஒருத்தன் அங்க களி தின்னுறான். இது என்ன நியாயம் மேடம்?" என்று கேட்டாள்.

அவளுக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. பதினெட்டு என்று ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள், கோட்டுக்கு இந்தப் பக்கம் திருத்துவதைப் பற்றி முதலில் பேசுவோம், அந்தப் பக்கம் தண்டிப்பதைப் பற்றி முதலில் பேசுவார்கள் என்றேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பையனோடு பேசிப் பார்த்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் என்று நினைத்திருந்தேன். பத்தாவது பாஸ். மின்சாரத்தில் ஆசை. அந்த வருடம்தான் ஒரு ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சீட் கிடைத்திருந்தது. கம்பியைத் திருடின கையாலேயே கம்பி இழுக்கக் கற்றுக்கொள்ளப் போகிறான். ஷரணம்மா கேட்டுவிட்டு, "சரிதான், எந்தக் கம்பிக்கு என்ன விலைன்னு ஏற்கெனவே தெரியும்" என்றார். ஆனால் அந்த சீட்தான் அவனைக் கரையேற்றும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அது போனால் பழைய இரும்புக் கடை வாசல்தான்.

அடுத்த அமர்வு நாளில் அடித்து ஊற்றியது மழை. எங்கள் கட்டடத்துக்கு எதிரே ஒரு வேப்பமரம், அதன் கீழ் தகரக் கூரை. பையனும் அம்மாவும் அதற்கு அடியில் ஒதுங்கியிருந்தார்கள். அவர்களின் முறை வந்தது. ஹாலப்பா வராந்தாவுக்குப் போனார். குடையில்லை. மரத்தடி வரைக்கும் போனால் தொப்பலாக நனைய வேண்டும். ஒரு கணம் நின்றார். பிறகு இத்தனை வருடப் பழக்கம் தொண்டைக்கு ஏறிவிட்டது.

பையன் பெயர், அப்பன் பெயர், ஊர்ப் பெயர். மூன்று முறை. மழைச் சத்தத்தையும் மீறி வளாகமே அதிர்ந்தது.

நான் மேஜையை விட்டு எழுந்து ஓடினேன். மூன்றாவது முறையும் முடிந்திருந்தது. பக்கத்து அலுவலகத்தின் வராந்தாவில் மாணவர் உதவித்தொகை விஷயமாக வந்து நின்றிருந்த ஆள் ஒருவர் தலையைத் திருப்பி, மழையில் ஓடிவருகிற பையனையே பார்த்துக்கொண்டிருந்தார். கதர்ச் சட்டை, கையில் தோல் பை. பையன் அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். மழையில் நின்றான், உள்ளே வரவில்லை.

அவர் திப்பேசாமி. அந்த ஐடிஐயின் முதல்வர்.

இரண்டு நாள் கழித்து கரிபசம்மா மட்டும் வந்தாள். முதல்வர் பையனைக் கூப்பிட்டு, "உன் சீட் விஷயம் அப்புறம் பாக்கலாம், இப்போதைக்கு வராதே" என்று சொல்லிவிட்டாராம். பையன் அழவில்லையாம். "ஊர் பூரா கூவியாச்சு, இனிமே என்ன மறைக்கிறதுக்கு இருக்கு?" என்று சொல்லிவிட்டு இரும்புக் கடைப் பக்கம் போயிருக்கிறான்.

ஹாலப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முகம் செத்துப்போயிற்று. எனக்கு வந்த கோபத்தில் சட்டப் புத்தகத்தைப் பிரித்து அவர் முன்னால் போட்டேன். சிறுவர்களின் அடையாளத்தை வெளியே விடுகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வாய்விட்டே படித்தேன். "செஷன்ஸ் கோர்ட்டுன்னு நெனச்சீங்களா? அங்க பேரைக் கூப்பிடுறது நியாயம். கதவு தொறந்திருக்கணும், யாரு வேணா வந்து பாக்கணும், அதுதான் அங்க சட்டம். இங்க அந்தப் பேரை மூடி வைக்கறதுதான் சட்டம். ஒரு குடை எடுத்துட்டுப் போக முடியலையா உங்களால?"

அவர் மாஜிஸ்திரேட்டிடம் போய், பழைய கோர்ட்டுக்கே மாற்றிவிடும்படி கும்பிட்டார். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏன், அங்க போனா யாரை வேணா கூவலாம்னா?" என்றார். "இங்கயே இருங்க. பண்ணினதை இங்கயே சரி பண்ணுங்க."

சரி பண்ணுவது எப்படி? அதுதான் சிக்கல். குழுமத்திலிருந்து முதல்வருக்கு ஒரு கடிதம் போடலாம் என்றார் ஒரு உறுப்பினர். என்ன என்று எழுதுவது? இந்தப் பையன் எங்களிடம் இருப்பதைக் காரணமாக்காதீர்கள் என்று எழுதினாலே, அவன் எங்களிடம் இருப்பதை முத்திரை குத்திச் சொன்ன மாதிரி ஆகிவிடும். நான் நேரில் போனாலும் அதே கதை. ஊரில் என்னைத் தெரியாத வாத்தியார் உண்டா? எங்கள் வாய் கட்டப்பட்டிருந்தது. அன்று முழுவதும் பேசினோம், ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஹாலப்பா சலவைச் சட்டையோடு வந்தார். பட்டை இல்லை. "மேடம், எனக்கு அரை நாள் லீவு வேணும். நீங்களும் வாங்க. ஆனா காம்பவுண்டுக்கு வெளியவே நில்லுங்க."

"எதுக்கு நான்?"

"எனக்கு மெதுவாப் பேச வராது. கத்தினா ஜாடை காட்டுங்க."

போனேன். வெளியே நிற்கச் சொன்னால் நிற்கிற ஆளா நான்? முதல்வர் அறையின் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு குழாயடி இருந்தது. அங்கே போய் கை கழுவுகிறவள் போல நின்றேன்.

"ஐயா, அன்னைக்கு மழையில ஒரு பேரைக் கூப்பிட்டானே, அந்த ஆளு நான்தான்" என்றார் ஹாலப்பா.

"தெரியும். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும்."

"அது தப்புங்கய்யா. நான் கூப்பிட்ட பேரு யாருது, அந்த ஆளு எதுக்கு வந்தான், அதெல்லாம் நான் சொல்லக் கூடாது, நீங்களும் கேக்கக் கூடாது. ஆனா ஒண்ணு. சின்னப் பசங்க பேரை வெளிய விட்டா ஆறு மாசம் வரைக்கும் உள்ள போடலாமாம். எங்க மேடம் படிச்சுக் காட்டினாங்க. முதல் குற்றவாளி நான். நீங்க ஒரு பையனை வாசல்ல நிறுத்தி வெச்சா, ஏன் நிறுத்தினீங்கன்னு நாலு பசங்க கேப்பாங்க, நாலு வாத்தியாருங்க கேப்பாங்க. நீங்க ஏதாவது சொல்லித்தான் ஆகணும். சொன்னீங்கன்னா ரெண்டாவது குற்றவாளி நீங்க. எனக்கு ஜெயில்ல துணை வேண்டாங்கய்யா."

"என்னய்யா, மிரட்டுறியா?"

"மிரட்டல. கால்ல விழச் சொன்னா விழறேன்." குரல் உடைந்தது. நான் அந்தக் குரலை அப்படிக் கேட்டதேயில்லை. "என் வாயால போன சீட்டுங்கய்யா. எத்தனையோ பேரைக் கூப்பிட்டிருக்கேன். கொலைகாரன், கொள்ளைக்காரன். ஒருத்தனும் என்னால கெடல, அவனவன் பண்ணினதால கெட்டான். இது என்னால."

முதல்வர் தன்னுடைய பயத்தைச் சொன்னார். நியாயமான பயம்தான், அவரைக் குறை சொல்ல மாட்டேன். "என் ஒர்க்‌ஷாப் பூரா செப்புக் கம்பிய்யா. நாளைக்கு ஒரு சுருள் காணாமப் போனா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"காணாமப் போனா தேடுங்க. எல்லாரையும் விசாரிக்கிற மாதிரி அவனையும் விசாரிங்க. முதல்ல அவனை விசாரிக்காதீங்க. நான் கேக்கறது அவ்வளவுதான்."

குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. மூட மறந்து நின்றேன். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு எட்டரைக்கு வருகைப்பதிவு எடுப்போம்" என்றார் திப்பேசாமி. "பொதுவாச் சொல்றேன். லேட்டா வர்ற பையன் யாரா இருந்தாலும் வெளியதான் நிப்பான்."

ஹாலப்பா நேராக இரும்புக் கடைக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். பழைய பித்தளைக் குழாய்களைப் பிரித்துக்கொண்டிருந்த பையனுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் காதுக்கே எட்டாத குரலில் ஏதோ சொன்னார். பையன் முதலில் திரும்பவே இல்லை. பிறகு திரும்பி அவரை முறைத்தான். கடைசியில் கையில் இருந்த குழாயைக் கீழே வைத்தான். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "மன்னிப்பு கேட்டேன்" என்றார் ஹாலப்பா. "பெரிய மனுஷன் மாதிரி யோசிச்சுட்டு, சரி விடுங்கங்கறான், நாய்ப்பய."

பையன் குழுமத்தில் எதையும் மறைக்கவில்லை. கம்பியை அறுத்தது தான்தான் என்றான், யார் சொல்லித் தந்தது என்றும் சொன்னான். திருட்டு சின்னக் குற்ற வகையில் வருவதால் எங்கள் விசாரணையை நாலு மாதத்துக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பே முடிந்தது. மாஜிஸ்திரேட் அவனைக் கண்டித்தார். நிஜமாகவே கண்டித்தார், அந்த விவசாயியின் பயிர் ஒரு வாரம் தண்ணீரில்லாமல் வாடியதைச் சொல்லி அவனை அழ வைத்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்ய உத்தரவிட்டார். அங்கே விளக்கு மாட்டவும் பழைய விசிறிகளைக் கழற்றித் துடைக்கவும் ஆள் இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வழக்கால் அவனுக்கு நாளைக்கு எந்தத் தகுதிக் குறைவும் வராது என்றும், உரிய காலத்துக்குப் பின் காகிதங்கள் அழிக்கப்படும் என்றும் அம்மாவுக்கு விளங்கும்படி சொன்னார்.

பெரியவர்களின் வழக்கில் மூத்தவன் இன்னும் ஜெயிலில்தான் இருந்தான். அவனுடைய வழக்கு நாளில் கரிபசம்மாவோடு ஹாலப்பாவும் போனார், நானும் போனேன். அந்தக் கோர்ட்டின் இளம் டவாலி வாசலில் நின்று மூத்தவன் பெயரை மூன்று முறை கூப்பிட்டான். நல்ல குரல். கரிபசம்மா ஒவ்வொரு முறையும் உடம்பைக் குறுக்கிக்கொண்டாள்.

"அண்ணா, இவன் பேரையும் மெதுவாக் கூப்பிடச் சொல்லக் கூடாதா?" என்று ஹாலப்பாவிடம் கேட்டாள்.

"அதுக்கு இங்க சட்டமில்லம்மா" என்றார் அவர். என் பக்கம் திரும்பினார். "மேடம், இவனுக்கு இருபதுதானே? இங்க ஒண்ணுமே கிடையாதா?"

இருந்தது. மூத்தவனிடம் யாரோ, குற்றத்தை ஒத்துக்கொண்டால் உள்ளே இருந்த நாளைக் கழித்து இன்றைக்கே அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். பாதி ஏழைகள் அப்படித்தான் வீட்டுக்குப் போகிறார்கள், தண்டனைப் பதிவையும் கூடவே எடுத்துக்கொண்டு. ஆனால் இருபத்தொன்று நிரம்பாதவனைச் சிறைக்கு அனுப்புமுன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்க வேண்டும் என்று பெரியவர்களின் சட்டத்திலும் ஒரு வழி உண்டு. இலவச சட்ட உதவி வக்கீலைப் பிடித்து அதைக் கேட்கச் சொன்னேன். மூத்தவன் குற்றத்தை ஒத்துக்கொண்டதும் நீதிபதி அறிக்கை கேட்டார். நான்தான் எழுதினேன். மூத்தவன் சிறைத் தண்டனை இல்லாமல், ஒழுங்காக நடந்துகொள்வதாக எழுதிக் கொடுத்து ஒரு வருடம் என் கண்காணிப்பில் வெளியே வந்தான். அந்தச் சட்டத்தின்படி தகுதிக் குறைவும் வராது. ஆனால் அவன் பெயர் வழக்குப் பட்டியலில் இருக்கிறது, தேடினால் யாருக்கும் கிடைக்கும். தம்பியின் பெயரைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. இரண்டு வாசலுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை என்னைக் கேட்டால் இவ்வளவுதான் சொல்வேன்.

மூத்தவன் இப்போது ஒரு மண்டியில் மூட்டை ஏற்றுகிறான். மாதம் ஒரு தடவை கையெழுத்துப் போட வருவான், வந்தால் கரிபசம்மா செய்த காராமண்டக்கி கொண்டு வருவான். லஞ்சம் என்று திட்டிக்கொண்டே தின்பேன்.

அடுத்த வருடம் ஒரு மத்தியானம் நானும் ஹாலப்பாவும் ஒரு வேலையாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தோம். நீலச் சீருடையில் ஐடிஐ பையன்கள் கூட்டமாக நின்று ஒருவரையொருவர் தள்ளிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து ஒருவன் பிரிந்து எங்களை நோக்கி ஓடிவந்தான். அவனேதான். வளர்ந்திருந்தான், மீசை அரும்பியிருந்தது. கூட்டாளிகள் எல்லாரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார்! ஹாலப்பா சார்! என்னைத் தெரியலையா?"

ஹாலப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். கை அவன் தோளுக்குப் போகப் பாதி உயர்ந்தும் விட்டது. அதற்குள் கூட்டத்தில் ஒருவன், "யாருடா அவங்க?" என்று கேட்டது எங்கள் மூன்று பேர் காதிலும் விழுந்தது. ஹாலப்பாவின் கை இறங்கிவிட்டது.

"யாருப்பா நீ?" என்றார் ஹாலப்பா. "தெரியலையே. ஆள் மாத்திப் பேசற போல."

பையனின் முகம் சுருங்கியது. என்னைப் பார்த்தான். நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன். பிறகு அவனுக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்கோங்க சார், ஆள் மாறிப்போச்சு" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுக் கூட்டாளிகளிடம் திரும்பிப் போனான். அவர்கள் அவனைக் கிண்டல் செய்தார்கள்.

ஹாலப்பா தூணுக்குப் பின்னால் திரும்பி நின்று கண்ணைத் துடைத்தார்.

"உடம்பு தேறியிருக்கான் மேடம்" என்றார்.

"யாரைச் சொல்றீங்க?" என்றேன்.

"அதானே" என்றார் ஹாலப்பா. "யாரு?"